தள்ளுவண்டி ஜூஸ் கடையில் பழமும் முளைப்பயறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் தள்ளுவண்டி வியாபாரிகளுக்கு உணவுப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பதில்களில் வரும் அக்கா, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் வண்டி போட்டிருப்பவர். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முளைப்பயறும் பழக் கிண்ணமும், பகலில் துணி எடுக்க வரும் கூட்டத்துக்குத் தர்பூசணி, கிர்ணி, சாத்துக்குடி ஜூஸும் விற்கிறார். வகுப்பில் கேட்டதையெல்லாம் அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, வண்டிக்கு ஒத்து வந்ததை வைத்துக்கொண்டார். அதனால்தான் இங்கே பாடப்புத்தகத்தை விட அவர் வண்டியே அதிகம் வருகிறது.

"தோலைத் தூக்கிப் போடத்தானே போறோம், தர்பூசணியை எதுக்குக் கழுவணும்?"

அக்காவும் முதல் நாள் இதைத்தான் கேட்டார். பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு கிர்ணிப் பழத்தின் தோலில் துணிக்குப் போடும் நீலப் பொடியைக் கொஞ்சம் தேய்த்து, அவர் கையிலேயே கத்தியைக் கொடுத்து நறுக்கச் சொன்னோம். வெட்டிய பக்கத்தின் ஓரத்தில் நீலக் கோடு இறங்கியிருந்தது. இரண்டாவது வெட்டில் அது சதையின் நடுவரைக்கும் வந்துவிட்டது. தோலில் இருப்பதைக் கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. பொடி கண்ணுக்குத் தெரிகிறது, கிருமி தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தர்பூசணி மண்ணில் படுத்து வளர்வது. அப்புறம் லாரியில் வைக்கோல், கோயம்பேட்டில் தரை, ஆட்டோவில் கோணிப்பை. கிர்ணியில் இன்னும் சிக்கல், அதன் வலைப்பின்னல் தோலின் பள்ளங்களில் அழுக்கு ஒட்டிக்கொண்டால் சும்மா தண்ணீர் ஊற்றினால் போகாது. 2011-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரே பண்ணையிலிருந்து போன கிர்ணி வகைப் பழத்தால் 147 பேர் நோயுற்று 33 பேர் இறந்தார்கள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பழத்தைக் கழுவி அடுக்கும் கூடத்தின் தரையிலும் இயந்திரங்களிலும் குடியேறியிருந்தது. கழுவுகிற இடமே அழுக்காக இருந்தால் கழுவியும் பயனில்லை என்பதற்கு அது பெரிய உதாரணம்.

அக்காவின் பழைய முறையில் காலையில் ஒரு வாளித் தண்ணீர் பிடிப்பார், சாயங்காலம் வரை எல்லாப் பழமும் அதிலேயே முங்கி எழும். முதல் பழத்தின் சேறு கடைசிப் பழத்துக்கும் போய்ச் சேரும். இப்போது பழத்தை ஓடும் தண்ணீரில், அதாவது குழாய் வைத்த கேனின் அடியில் பிடித்து, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்க்கிறார். தேங்காய் நார் வேண்டாம், அது காயவே காயாது. சோப்பும் வேண்டாம், தோலின் நுண்துளை வழியாக உள்ளே போய்த் தங்கிவிடும். காம்பு இருந்த குழியில் பிரஷ்ஷை நன்றாகச் சுற்ற வேண்டும். நறுக்கும்போது அந்தப் பகுதியை முதலில் வெட்டி எறிந்துவிட்டு, கத்தியை ஒரு தடவை கழுவிக்கொண்டுதான் மீதியைத் தொட வேண்டும்.

கீறல் விட்ட பழத்தை எவ்வளவு கழுவினாலும் சரிவராது. மலிவாகக் கிடைக்கிறது என்று உடைந்த தர்பூசணி வாங்கும் வழக்கத்தை அக்கா விட்டுவிட்டார்.

"உப்பும் மஞ்சளும் போட்டு ஊற வெச்சா போதாதா?"

போதாது. வியாபாரத்துக்குக் குளோரின் தண்ணீர் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மண் போகத் தேய்த்திருக்க வேண்டும். மண்ணும் பழச்சாறும் இருந்தால் குளோரின் முதலில் அவற்றோடு மோதியே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது.

"குளோரின் எவ்ளோ ஊத்தணும்? நாத்தம் அடிக்காதா?"

பழத்துக்கு 50 பி.பி.எம். போதும். அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் 50 மில்லிகிராம் குளோரின். பாட்டிலில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருந்தால் அதில் ஒரு மில்லியில் சுமார் 50 மில்லிகிராம் இருக்கும். எனவே லிட்டருக்கு ஒரு மில்லி, கணக்கு சுலபம். அக்கா 10 லிட்டர் டப்பில் மருந்து மூடியால் அளந்து 10 மில்லி ஊற்றுகிறார். பாட்டில் 10 சதவீதம் என்றால் 5 மில்லி, 4 சதவீதம் என்றால் பன்னிரண்டரை மில்லி. லேபிளைப் படிக்காமல் "ஒரு மூடி" என்று ஊற்றுவதுதான் ஆபத்து. பழம் முழுக அமுக்கி 5 நிமிடம் வைத்து, பிறகு குடிநீரில் அலசினால் மணம் தங்காது.

உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பாட்டிலாக வாங்குங்கள். துணி வெளுக்கவும் பாத்ரூம் கழுவவும் விற்கும் பாட்டில்களில் வாசனையும் சோப்பும் கலந்திருக்கும். குளோரின் தண்ணீரில் எலுமிச்சை, வினிகர், டாய்லெட் அமிலம் எதையும் கலக்கக் கூடாது. விஷ வாயு கிளம்பும். பாட்டிலை வெயிலில் வைத்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும், அதனால் சின்ன பாட்டிலாக வாங்கி நிழலில் வையுங்கள். தண்ணீர் கலங்கிவிட்டால் மேலே இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்றிச் சமாளிக்கக் கூடாது, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். குளோரின் அளவு காட்டும் காகிதப் பட்டை கிடைக்கிறது. அக்கா காலையில் ஒன்று, மதியம் ஒன்று நனைத்துப் பார்க்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், குளோரின் கிருமியைக் குறைக்கும், பூச்சிமருந்தை எடுக்காது. திராட்சையில் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள்.

"வெயில்ல வந்த பழத்தை நேரா ஐஸ் தண்ணியில போட்டா சில்லுனு இருக்குமே?"

சில்லென்று இருக்கும், கூடவே அழுக்கையும் உள்ளே இழுக்கும். சூடான பழம் திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த இடத்துக்குக் காம்புக் குழி வழியாக வெளித் தண்ணீர் ஏறுகிறது. 1999-ல் பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மாம்பழத்தில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவியதற்கு இதுவே வழியாக இருந்திருக்கலாம் என்று கண்டார்கள். பழ ஈயைக் கொல்ல வெந்நீரில் முக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டிருக்கிறார்கள்.

கழுவும் தண்ணீர் பழத்தின் சூட்டை விடக் குளிர்ச்சியாக இருக்கக் கூடாது. பழத்தை முதலில் நிழலில் ஆறவிடுங்கள், சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள், துடைத்துக் காயவைத்த பிறகு குளிர வையுங்கள். அக்கா மறுநாளுக்கான இரண்டு தர்பூசணியை ராத்திரியே கழுவித் துடைத்து வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஏற்றிவிடுகிறார். அடுத்த பதிலில் இது எதற்கு உதவுகிறது என்று தெரியும்.

"நறுக்கின பழம் எவ்ளோ நேரம் தாங்கும்? நான் ஐஸ் மேலதான் வெக்கிறேன்"

32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் குளிர் இல்லாமல் ஒரு மணி நேரம். அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம். சென்னையில் பகலில் பெரும்பாலான மாதங்களுக்கு முதல் கணக்குதான். 5 டிகிரிக்குக் கீழே நிஜமாகவே இருந்தால் அன்று முழுக்கத் தாங்கும். "நிஜமாகவே" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

பழத்துக்குப் பழம் வித்தியாசமும் உண்டு. சாத்துக்குடி, அன்னாசி மாதிரி புளிப்புப் பழத்தில் கிருமி மெதுவாகத்தான் பெருகும். தர்பூசணி, கிர்ணி, பப்பாளி மூன்றிலும் புளிப்பு இல்லை, இனிப்பும் ஈரமும் நிறைய. கிருமிக்கு அது விருந்துச் சாப்பாடு. உகந்த சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். புதிய இடத்துக்குப் பழக ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். பெருகத் தொடங்கிவிட்டால் 10 கிருமி ஒரு மணி நேரத்தில் 80, நாலு மணி நேரத்தில் 40,960.

அக்காவின் ஒரு மே மாதப் பகலைப் பாருங்கள். 8 கிலோ பழம், நேரம் 12 மணி, வண்டி நிழலிலேயே 36 டிகிரி. முன்பெல்லாம் முழுப் பழத்தையும் துண்டு போட்டு, ஐஸ் கட்டி மேல் ஒரு தாம்பாளத்தை வைத்து, கோபுரமாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திவிடுவார். நாலு மணி வரை அது விற்கும். அந்தத் தாம்பாளத்தில் குத்து வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோது அடித் துண்டு 9 டிகிரி, மேல் துண்டு 27 டிகிரி. ஐஸ் தொட்டுக்கொண்டிருந்ததை மட்டும் குளிர வைத்தது. வாடிக்கையாளர் எடுப்பது எப்போதும் மேல் துண்டைத்தான்.

இப்போது அதே பழத்தைக் கால் பாகம் மட்டும் நறுக்குகிறார். எம்.சி. ரோடு கூட்டத்துக்கு அது அரை மணிக்குள் தீர்ந்துவிடும். மீதி முக்கால் பாகத்தை மூடியிட்ட ஸ்டீல் டப்பாக்களில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறார். டப்பாவுக்கு அடியிலும் சுற்றிலும் மேலேயும் ஐஸ் இருக்கும். டப்பாவில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் பழம் போடுவதில்லை, ஆழமாக அடைத்தால் நடுவில் இருப்பது குளிர ரொம்ப நேரம் ஆகும். ராத்திரியே ஃபிரிட்ஜில் குளிர்ந்த பழம் என்பதால் பெட்டியின் ஐஸ் அதைக் குளிர வைக்கத் தீர்ந்துபோவதும் இல்லை. வெயிலில் கிடந்த பழத்தை நறுக்கி உள்ளே போட்டால் அது 5 டிகிரிக்கு இறங்குவதற்குள் சாயங்காலமாகிவிடும்.

மூடியில் மார்க்கரால் நறுக்கிய நேரத்தை எழுதுகிறார். முதலில் இது வேண்டாத வேலை என்று அக்கா சலித்துக்கொண்டார். மதியம் அவர் பையன் வண்டியைப் பார்த்துக்கொள்ளும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. எது எப்போது நறுக்கியது என்று போன் பண்ணிக் கேட்க வேண்டியதில்லை.

"காசிமேட்டுல ஐஸ் மலிவா கிடைக்குதே, அதையே ஜூஸ்ல போடலாமா?"

கூடாது. மீனுக்கு உடைக்கும் ஐஸைக் குடிநீரில்தான் உறைய வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. உடைக்கும் இயந்திரம், தள்ளும் தரை, போர்த்தும் சாக்கு எதுவும் வாயில் போடும் பொருளுக்கு ஏற்றதல்ல. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தவறு. உறங்கும், கரைந்ததும் எழுந்துகொள்ளும்.

பெட்டியைக் குளிர வைக்க அந்த ஐஸ் போதும், டப்பா இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், கரையும் தண்ணீர் வெளியேறப் பெட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். டம்ளரில் விழும் ஐஸுக்குத் தனிப் பெட்டி, தனிக் கரண்டி. அக்கா கேன் தண்ணீரில் வீட்டிலேயே உறைய வைத்துக் கொண்டுவருகிறார், பத்தாவிட்டால் குடிநீர் ஐஸ் பாக்கெட் வாங்குகிறார்.

"தர்பூசணியில ஊசி போட்டு கலர் ஏத்துறாங்களாமே?"

2025 கோடையில் இந்தப் பேச்சு கிளம்பி விவசாயிகள் பெரிதும் நஷ்டப்பட்டார்கள். ஊசி குத்திய பழம் அந்த ஓட்டையிலிருந்தே ஒன்றிரண்டு நாளில் அழுகத் தொடங்கும், சாயமும் சீராகப் பரவாது. யாரும் லாபத்துக்காகச் செய்யும் வேலை இல்லை. சந்தேகம் என்றால் வெள்ளைப் பஞ்சால் சதையைத் துடைத்துப் பாருங்கள், பளிச்சென்று சிவப்பு ஏறினால் யோசிக்கலாம். என் கவலையெல்லாம் ஊசி பற்றி இல்லை, ஈ பற்றித்தான்.

"முளைப்பயறை மூணு தடவ அலசுறேன், அப்புறமும் பச்சையா கொடுக்கக் கூடாதா?"

கொடுக்காமல் இருப்பதே நல்லது. பழத்தில் கிருமி தோலில் இருக்கிறது, கழுவினால் பெரும்பகுதி போகும். பயறில் அது விதையின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் இருக்கலாம், அங்கே தண்ணீரும் எட்டாது, குளோரினும் எட்டாது. பிறகு நாம் என்ன செய்கிறோம்? 8 மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, 30 டிகிரி வெக்கையில் ராத்திரி முழுக்கத் தொங்கவிடுகிறோம். முளை வளரத் தேவையான அதே ஈரமும் சூடும்தான் கிருமிக்கும் தேவை. பயறு முளைவிடுவதற்குள் ஒன்றிரண்டு கிருமி லட்சக்கணக்கில் பெருகியிருக்கும். முளைத்த பிறகு அலசுவது மேலோட்டமாகக் கொஞ்சத்தை எடுக்கும், அவ்வளவே.

2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை பாக்டீரியாவால் நோய் பரவியபோது கிட்டத்தட்ட 4,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காயைச் சந்தேகித்தார்கள். கடைசியில் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த விதையிலேயே கிருமி இருந்திருக்கிறது. முளைகட்டியவர்கள் சுத்தமாக இருந்திருந்தாலும் அந்த விதையில் தப்பிப்பது கஷ்டம்.

அக்காவுக்கு இது பெரிய இடி. காலை வியாபாரத்தில் பாதி முளைப்பயறு. ஒரு வாரம் கிண்ணத்தை நிறுத்திவிட்டு, அப்புறம் வீட்டு இட்லிப் பானையை எடுத்தார். செய்முறை இதுதான். பொறுக்கிக் கழுவிய பச்சைப்பயறைக் குடிநீரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஊறவைத்து, அதிகாலையில் வடிக்கிறார். ஊறின தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், எதிலும் சேர்க்கக் கூடாது. துணிக்குப் பதில் ஓட்டை போட்ட ஸ்டீல் வடிதட்டு, ஏனென்றால் துணியைத் தினமும் கொதிக்க வைத்துக் காயப்போட யாருக்கும் நேரமில்லை. பகலில் இரண்டு மூன்று தடவை குடிநீரில் அலசி வடிக்கிறார். சென்னை வெக்கையில் சாயங்காலத்துக்குள் முளை எட்டிப் பார்த்துவிடும். உடனே ஃபிரிட்ஜ். மறுநாள் காலை, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, பானையில் ஆவி நன்றாக வந்த பிறகு வைத்து 6, 7 நிமிடம். வெப்பமானியை நடுவில் செருகினால் 75 டிகிரி காட்ட வேண்டும். குவித்து வைத்தால் நடுவில் வேகாது.

வெந்துவிட்டது என்று வண்டியில் திறந்து வைத்துவிடவும் முடியாது. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து ஆவியிலும் சாகாது. வெதுவெதுப்பில் கிடந்தால் திரும்ப முளைத்துப் பெருகும். அதனால் சூடான பாத்திரத்தில் 60 டிகிரிக்கு மேலே, அல்லது சீக்கிரம் ஆறவைத்து ஐஸ் பெட்டியில். அக்கா சூடாகவே விற்கிறார். தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் மிளகும் கிண்ணத்தில் போடும்போதுதான் சேர்ப்பார். தேங்காயும் சீக்கிரம் கெடும் பொருள்.

"வேக வெச்சா சத்து போயிடும், வாக்கிங் வர்றவங்க வாங்க மாட்டாங்க"

வைட்டமின் சி கொஞ்சம் குறையும். புரதம் எங்கும் போகாது, வெந்த பயறு செரிப்பதும் சுலபம். முதல் சில நாள் "இது சுண்டல்தானே அக்கா, முளைப்பயறு எங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அக்கா விளக்கம் எதுவும் சொல்லவில்லை, கிண்ணத்தை நீட்டி, முளையை விரலால் காட்டினார். பச்சையாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்த ஒன்றிரண்டு பேர் வேறு வண்டிக்குப் போனார்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் பச்சை முளையைத் தவிர்ப்பதே சரி. வண்டி முன்னால் நிற்பவர் இதில் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

"கையுறை போட்டா போதும்ல?"

அதே கையுறையோடு காசு வாங்கி, மூக்கைச் சொறிந்து, பழம் நறுக்கினால் வெறுங்கையே மேல். சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிய கை போதும். காசு வாங்க வேறு ஆள், அல்லது வண்டியில் ஒட்டிய க்யூஆர் அட்டை. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் பிளாஸ்திரி ஒட்டி மேலே கையுறை அவசியம். வயிற்றுப்போக்கு இருந்தால் நின்ற பிறகும் இரண்டு நாள் பழத்தைத் தொடக் கூடாது.

"கெட்டுப்போனா வாசனையிலயே தெரிஞ்சிடாதா?"

கெட்டது தெரியும், ஆபத்தானது தெரியாது. பயறு வழவழத்தால், பழம் புளித்த வாடை அடித்தால் அது அழுக வைக்கும் கிருமிகளின் வேலை. டைபாய்டையும் வயிற்றுப்போக்கையும் கொடுப்பவை நிறம், மணம், ருசி எதையும் மாற்றாமலே இருக்கும். டைபாய்டு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சலாக வெளிவரும். அதற்குள் அந்த வாடிக்கையாளர் பத்து இடத்தில் சாப்பிட்டிருப்பார். "என் வண்டியில சாப்பிட்டு இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொன்னால், திரும்பி வந்து சொன்னவர் யாரும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூக்கை நம்ப வேண்டாம், மூடியில் எழுதிய நேரத்தை நம்புங்கள்.

"ராத்திரி மிச்சமானதை மறுநாள் ஜூஸ்ல போட்டுடலாமா?"

நறுக்கியது என்றால் வேண்டாம். ஜூஸாக அடித்தால் கிருமி குறையாது, முழுக்கப் பரவும், சர்க்கரையும் ஐஸும் பழைய வாடையை மறைத்துவிடும். அக்கா மிச்சத்தைப் பக்கத்துத் தெரு மாட்டுக்காரருக்குத் தோலோடு கொடுத்துவிடுகிறார். நஷ்டம்தானே என்றால், நஷ்டமே வராதபடி வாங்குவதை மாற்றிக்கொண்டார். பகல் கூட்டத்துக்கு 8 கிலோ பழம், சாயங்காலம் 6 மணிக்கு மேல் இரண்டு கிலோ அளவுள்ள சின்னக் கரும்பச்சைப் பழம். அதற்குக் கிலோவுக்கு விலை கூட. ஆனால் 9 மணிக்கு வண்டியை மூடும்போது டப்பாவில் இருப்பது அதிகம் போனால் இரண்டு டம்ளருக்கு ஆகும். முழுப் பழம் மிஞ்சினால் அது மறுநாளைக்கு ஆகும், அதைக் கழுவித் துடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்.